இனமாற்றக் கழித்தலுக்கு ஈர்க்குச்சிக் கட்டு: செய்வது எப்படி, உதவுகிறதா என்று பார்ப்பது எப்படி

இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளில் 52 − 27 = 35 என்ற விடை அடிக்கடி கண்ணில் படும். குழந்தை கவனக்குறைவாக இருந்தது என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் குழந்தை ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது: ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி. 7-லிருந்து 2 போனால் 5, 5-லிருந்து 2 போனால் 3. அதற்கு 52 என்பது 5-ம் 2-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, அவ்வளவுதான்.

இந்த ஒரு தவறைச் சரிசெய்ய, தென்னந்துடைப்பம், பழைய சைக்கிள் டியூப், அட்டைப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றிலிருந்து ஒரு துணைக்கருவி செய்யும் முறை இது. செய்வது ஒரு மாலை வேலை. அது உதவியதா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மூன்று வாரம் ஆகும், பெரும்பாலான வகுப்பறைகளில் விட்டுப்போவதும் அந்தப் பகுதிதான்.

1. பொருளைத் தேடும் முன் தவறைத் தேடுங்கள்

மூடி நிறைய கிடைத்தது, எதையாவது செய்வோம் என்று தொடங்கிய டிஎல்எம், அதாவது கற்றல் துணைக்கருவி, கண்காட்சி மேசைக்குப் போகும், வகுப்புக்கு வராது. முதலில் எந்தத் தவறு, எத்தனை பேரிடம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு தாளும் பதினைந்து நிமிடமும் போதும்.

நீங்கள் வாயால் சொல்ல, குழந்தைகள் எண்ணால் எழுத வேண்டியவை இரண்டு: முப்பத்தைந்து, தொண்ணூற்று மூன்று. பிறகு கரும்பலகையில் நான்கு கணக்கு: 48 − 23, 52 − 27, 40 − 16, 63 − 58.

இவற்றை இப்படித் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. முப்பத்தைந்தை 305 என்று எழுதும் குழந்தை, முப்பது, ஐந்து என்று காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறது. தொண்ணூற்று மூன்றில் ‘நூற்று’ என்ற ஒலி இருப்பதால் 103 என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். இது நம் எண்ணுப்பெயரிலேயே இருக்கும் சிக்கல். ஒன்பது என்ற பெயர் பத்துகளின் குடும்பத்தைப் போல ஒலிக்கிறது, தொண்ணூறு நூறைப் போல, தொள்ளாயிரம் ஆயிரத்தைப் போல. ஆகவே 103 என்று எழுதிய குழந்தைக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

48 − 23 இனமாற்றம் இல்லாத, அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகப் பிரிக்கத் தேவையில்லாத கணக்கு. இதிலேயே தடுமாறுகிறவர்களுக்கு இந்தக் கருவிக்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது. மற்ற மூன்றிலும் தவறான விடையே காரணத்தைச் சொல்லிவிடும். 52 − 27-க்கு 35, 40 − 16-க்கு 36, 63 − 58-க்கு 15 என்று வந்தால் ‘பெரியதிலிருந்து சின்னது’ என்ற விதி வேலை செய்கிறது. 40 − 16-க்கு 30 என்று வந்தால், பூஜ்யத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது, ஆகவே பூஜ்யம் என்று குழந்தை முடிவு செய்திருக்கிறது. சரி, தவறு என்று மட்டும் குறிக்காமல் ஒவ்வொரு குழந்தையின் விடையையும் அப்படியே ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்து இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

இன்னொரு சோதனையைப் பத்துக் குழந்தைகளிடம் தனித்தனியாகச் செய்யுங்கள். 24 பாட்டில் மூடிகளைக் கொடுத்து எண்ணி எழுதச் சொல்லுங்கள். 24 என்று எழுதியதும் 4-ஐத் தொட்டு, “இதுக்கு எத்தனை மூடி? எடுத்துக் காட்டும்மா” என்று கேளுங்கள். நான்கு மூடி வரும். பிறகு 2-ஐத் தொட்டு அதே கேள்வி. பலர் இரண்டே மூடியை எடுத்துக் காட்டுவார்கள். 18 மூடி எதற்கும் சேராமல் மேசையில் கிடக்கும், அது அவர்களை உறுத்தவும் செய்யாது. கழித்தலில் தெரியும் தவறின் வேர் இதுதான்.

2. ஏன் ஈர்க்குச்சி

இந்தத் தவறுக்குத் தேவையான பொருளிடம் ஒரே ஒரு குணம் வேண்டும்: பத்தைச் சேர்த்து ஒன்றாக்கவும், அந்த ஒன்றை மறுபடி பத்தாகப் பிரிக்கவும் குழந்தையின் கையாலேயே முடிய வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்தால் வழக்கமான பொருள்கள் பல கழிந்துவிடும். பாட்டில் மூடியும் புளியங்கொட்டையும் எண்ணுவதற்கு நல்லவை, ஆனால் கட்ட முடியாது. பத்துக் கொட்டையைத் தீப்பெட்டிக்குள் போட்டால் பத்து ஆகும்தான். மூடிய பெட்டிக்குள் இருப்பது தெரியாது, குழந்தைக்கு அது ஒரு பெட்டி, அதாவது ஒன்று. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகப் பசை போட்டு ஒட்டினால் பார்க்க அழகு, பிரிக்க முடியாது. அப்போது ஒரு பட்டையைக் கொடுத்துப் பத்துத் தனிக்குச்சி வாங்க வேண்டும். அது பண்டமாற்று. மூன்றாம் வகுப்பில் செய்யலாம், தொடக்கத்தில் கூடாது. தீக்குச்சி மிகச் சிறியது, அதன் தலையில் உள்ள மருந்தும் வேண்டாம்.

ஈர்க்குச்சிக் கட்டில் பத்தும் வெளியே தெரியும். ரப்பரை எடுத்தால் அதே பத்துக் குச்சி கையில் விழும்.

3. தேவையானவை

முப்பது பேர் வகுப்பு என்றால் எட்டு செட் போதும். இருவருக்கு ஒரு செட். ஒரு நேரத்தில் பாதி வகுப்பு குச்சியோடும் பாதி நோட்டோடும் இருக்கும்.

ஒரு செட்டுக்கு 110 குச்சி. 99 வரை எண் காட்ட 99 வேண்டும், நூறைக் காட்ட இன்னும் ஒன்று, தொலைவதற்குப் பத்து. எட்டு செட்டுக்கு 880 குச்சி. ஒரு ஈர்க்கின் தடித்த பகுதியிலிருந்து 8 செ.மீ. நீளத்தில் ஐந்து துண்டு கிடைக்கும் என்று வைத்தால் 176 ஈர்க்கு. உடைவதையும் பிளவதையும் சேர்த்து 200 எடுத்துக்கொள்ளுங்கள். பாதி தேய்ந்த துடைப்பம் ஒன்றிரண்டில் இது கிடைத்துவிடும். கழிவறையில் பயன்படுத்திய துடைப்பத்தைத் தொடவே கூடாது, வாசல் கூட்டியதையும் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். தென்னை மட்டையிலிருந்து நேராக ஈர்க்கு சீவிக்கொள்வதே மேல்.

சைக்கிள் கடையில் தூக்கிப்போட்ட டியூப் ஒன்று. பழைய அட்டைப்பெட்டிகள். தடித்த கல்யாணப் பத்திரிகைகள். பழைய நாள்காட்டித் தாள். காசு கொடுத்து வாங்க வேண்டியது உப்புத்தாளும் ஒரு கறுப்பு மார்க்கரும்தான்.

4. செய்யும் முறை

*குச்சி.* காய்ந்த ஈர்க்கைச் சாதாரணக் கத்தரியால் வெட்டினால் நுனி நசுங்கிப் பிளக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நகவெட்டியாலோ செடி வெட்டும் கத்தரியாலோ வெட்டுங்கள். ஈர்க்கின் நுனிப்பக்க மெல்லிய பகுதியை ஒதுக்கிவிடுங்கள். வெட்டியவற்றை இரண்டு நாள் வெயிலில் போட வேண்டும், ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு ஒரு கைப்பிடி குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து இரு முனைகளையும் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். கூர்முனை விரலில் ஏறும், இரண்டு குழந்தை நெருக்கமாகக் குனியும்போது கண்ணிலும் படும்.

நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். நெட்டையும் குட்டையுமாக இருந்தால் குழந்தைகள் நெட்டைக்குச்சிக்குத் தனி மதிப்பு கொடுத்துவிடுவார்கள்.

வண்ணம் பூச வேண்டாம். பத்துக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை என்று பூசியதும் குழந்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிறத்தைப் படிக்கத் தொடங்கும். சிவப்புக்குச்சி ஒன்றைத் தனியே காட்டினாலும் பத்து என்று சொல்லும். கட்டை அவிழ்க்கும்போது சிவப்பு பச்சையாக மாறாது என்பதால் பாடமே அங்கே முறிந்துபோகும்.

*ரப்பர்.* டியூபைக் கழுவி உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியைப் போக்குங்கள். குறுக்கே 5 மி.மீ. அகலத்தில் வளையங்களாக நறுக்குங்கள். 50 செ.மீ. நீளத்திலேயே நூறு வளையம் கிடைக்கும், செட்டுக்குப் பதினொன்று போக மிச்சம் இருக்கும். கட்டின் மேல் இரண்டு சுற்று வரும். கடை ரப்பர்பேண்ட் வெயிலில் சில வாரங்களில் இற்று அறுந்துவிடும், டியூப் வளையம் தாங்கும். ஒட்டுப்போட்ட இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே நீளாது.

*விரிப்பு.* அட்டைப்பெட்டியின் பக்கத்தை 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டி நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘பத்துகள்’, வலது பக்கம் ‘ஒன்றுகள்’. கீழே எண் அட்டை வைக்க 7 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை. அச்சிட்ட பக்கம் உள்ளே போகட்டும், பிஸ்கட் கம்பெனிப் படம் மேலே இருந்தால் பேச்சு அதைப் பற்றியே இருக்கும்.

*அடுக்கு அட்டை.* இந்தச் செட்டில் பலர் செய்யாமல் விடுவது இது. பத்திரிகை அட்டையில் 10 × 6 செ.மீ. அளவில் 10, 20, 30 என 90 வரை ஒன்பது; 5 × 6 செ.மீ. அளவில் 1 முதல் 9 வரை ஒன்பது. 50 என்ற அட்டையில் 5 இடப்பாதியிலும் 0 வலப்பாதியிலும் சரியாக உட்கார வேண்டும். அதன் வலப்பாதி மேல் 2-ஐ வைத்தால் 0 மறைந்து 52 ஆகும், எடுத்தால் மறைந்திருந்த 50 வெளியே வரும். 502 என்று எழுதும் குழந்தைக்கும், தொண்ணூற்று மூன்றுக்கு 103 என்று எழுதும் குழந்தைக்கும் குச்சியைவிட இதுவே மருந்து. எண்ணின் பெயரையும் எழுத்தையும் குச்சியால் இணைக்க முடியாது, அட்டையால் முடியும்.

5. வகுப்புக்கு முன் ஒருமுறை நீங்களே

மேசையில் விரிப்பைப் போட்டு 52 − 27-ஐ முழுவதும் செய்யுங்கள். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. ஏழு எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை ஒன்றுகள் பக்கம் கொண்டுவந்து அவிழ்க்கவும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழு எடுத்தால் ஐந்து மீதி. இரண்டு கட்டு எடுத்தால் இரண்டு மீதி. விடை 25.

கட்டை எந்த இடத்தில் அவிழ்க்கிறீர்கள் என்று பாருங்கள். பத்துகள் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டுப் பிறகு பத்துக் குச்சியைத் தள்ளினால், ‘பத்துகள்’ என்று எழுதிய இடத்தில் தனிக்குச்சி கிடக்கும் ஒரு நொடி வரும். பெரியவர்களுக்கு அது பொருட்டில்லை, குழந்தைக்குக் குழப்பம். கட்டாகவே கோட்டைத் தாண்டட்டும், தாண்டிய பின் அவிழட்டும்.

இன்னொன்று: விரிப்பின் எதிர்ப்புறம் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றுகள் இடதுபுறம் தெரியும். நான்கைந்து குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்தால் பாதிப்பேர் தலைகீழ் இடமதிப்பைத்தான் கற்பார்கள். இருவருக்கு ஒரு செட், இருவரும் ஒரே பக்கம் என்று சொல்வது இதற்காக.

6. ஆறு நாள் வரிசை

முதல் நாள் கட்டுதல் மட்டும். கட்டிக் கொடுத்தால் நேரம் மிச்சமாகும், ஆனால் பத்து ஒன்றுகள்தான் ஒரு பத்து என்பதைக் கை அறியும் ஒரே நேரம் அதுதான். ஒருவர் கட்ட, மற்றவர் அவிழ்த்து எண்ணிச் சரிபார்த்து மறுபடி கட்ட வேண்டும். ஒன்பதோ பதினொன்றோ உள்ள ஒரு கட்டு போதும், வாரம் முழுக்கக் கணக்கு உதைக்கும்.

இரண்டாம் நாள் எண்ணைச் சொன்னால் குச்சி, குச்சியைக் காட்டினால் அடுக்கு அட்டை, அட்டையைக் காட்டினால் வாயால் பெயர். மூன்று திசையிலும் போக வேண்டும். 40, 70 போன்றவற்றைத் தவறாமல் கொடுங்கள், ஒன்றுகள் பக்கம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் இனமாற்றக் கழித்தல், எழுத்து இல்லாமல். “52 வை. 27 எடு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்து ஏழு எடுக்க முடியாமல் குழந்தை விழிக்கும் அந்த அரை நிமிடத்தை நீங்கள் நிரப்பிவிடக் கூடாது. சிலர் முதலில் இரண்டு கட்டை எடுத்துவிட்டு, பிறகு ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். தடுக்காதீர்கள், அதுவும் சரியான வழியே. வலமிருந்து இடமாகப் போவது எழுதும்போது அடித்துத் திருத்தாமல் இருக்க நாம் வைத்துக்கொண்ட வசதி.

இங்கே சொல்லிலும் கவனம் வேண்டும். “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை, வெளியிலிருந்து எதுவும் வரவும் இல்லை. “கட்டை அவிழ்” என்று சொல்லுங்கள். இனமாற்றம் என்ற பாடநூல் சொல்லை அதன் பிறகு ஒட்டலாம்.

நான்காம் நாள்தான் மையம். கை செய்யும் ஒவ்வொன்றையும் அதே நொடியில் நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் குச்சி, ஒருவர் பென்சில். கட்டு கோட்டைத் தாண்டியதும் பென்சில்காரர் 5-ஐ அடித்து 4 போடுகிறார். கட்டு அவிழ்ந்ததும் 2-ஐ 12 ஆக்குகிறார். “அந்த 1 எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் அவிழ்ந்த கட்டை அவர் விரலால் காட்ட வேண்டும். குச்சிக் கணக்கை முழுக்க முடித்துவிட்டுப் பிறகு நோட்டைத் திறப்பதே நாம் காணும் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் அவை இரண்டும் குழந்தைக்கு இரண்டு தனி விளையாட்டு.

ஐந்தாம் நாள் குச்சி பைக்குள் போகும். நோட்டில் கட்டுக்கு ஒரு கோடு, தனிக்குச்சிக்கு ஒரு புள்ளி. ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைப்பதே அவிழ்த்தல். ஆறாம் நாள் எண் மட்டும். தடுமாறுகிறவர் படம் போடலாம், அதற்கும் தடுமாறினால் குச்சி எடுக்கலாம்.

எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறவர்கள் குச்சியை அரும்புக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் அது ‘தெரியாதவங்க குச்சி’ ஆகிவிடும், தேவைப்படும் குழந்தையே தொட மறுக்கும்.

7. விடையை அல்ல, கையைப் பாருங்கள்

குச்சியோடு வேலை செய்யும்போது கிடைக்கும் சரியான விடை எதையும் நிரூபிக்காது. மூன்று விதமாகக் கருவி நம்மை ஏமாற்றும்.

ஒரு குழந்தை ஐந்து கட்டையும் அவிழ்த்துக் குவித்து, 27 குச்சியை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, மீதியை ஒவ்வொன்றாக எண்ணி 25 என்று எழுதும். விடை சரி, கழித்தலும் சரி, இடமதிப்பு மட்டும் அங்கே இல்லவே இல்லை. இந்தக் குழந்தையிடம் நூறு குச்சி கொடுத்தாலும் இதையேதான் செய்யும். அதற்கு இரண்டாம் நாள் வேலை பாக்கி இருக்கிறது.

இன்னொரு குழந்தை மனத்திலோ பக்கத்து நோட்டிலோ விடையைப் பிடித்துவிட்டு, அதற்கேற்ப இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் அடுக்கி வைக்கும். விரிப்பில் முடிவு இருக்கும், நடந்த வழி இருக்காது. இதைப் பிடிக்க, பாதியில் போய் “இப்ப விரிப்புல மொத்தம் எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். ஒரு கட்டு அவிழ்ந்து, இன்னும் எதையும் எடுக்காத நிலையில் விடை 52 தான். நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் இன்னும் 52 தான் என்று உடனே சொல்லும் குழந்தைக்கு இனமாற்றம் புரிந்துவிட்டது. மறுபடி எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு இன்னும் இல்லை. இந்த ஒரு கேள்வி பத்துக் கணக்குக்குச் சமம்.

மூன்றாவது, ஜோடியில் ஒருவரே எல்லாம் செய்வது. கணக்குக்குக் கணக்கு குச்சியும் பென்சிலும் கை மாற வேண்டும்.

8. பொருளை எடுத்துவிட்டுச் சோதிப்பது

ஆறாம் நாளுக்கு அடுத்த நாள், குச்சி, விரிப்பு, அட்டை எதுவும் கண்ணில் படாமல், நான்கு கணக்கு: 57 − 24, 71 − 34, 50 − 28, 82 − 77. முதல் சோதனையின் நான்கு வகைகளும் எண் மாறி வந்திருக்கின்றன. பழைய விதி உயிரோடு இருந்தால் கடைசி மூன்றுக்கும் 43, 38, 15 என்று வரும்.

பிறகு இரண்டு வாரம் வேறு பாடத்துக்குப் போய்விடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல், திருப்புதல் இல்லாமல் மறுபடி: 68 − 35, 64 − 39, 30 − 17, 91 − 86. அதோடு சொல்லித்தராத ஒன்று: 352 − 127. சரியான விடை 225, பழைய விதி என்றால் 235. மூன்று இலக்கத்துக்குத் தானே நீட்டத் தெரிந்த குழந்தை நடைமுறையை மட்டும் மனப்பாடம் செய்திருக்க வாய்ப்பு குறைவு.

அதே நாளில், முதலில் சோதித்த அதே பத்துக் குழந்தைகளிடம் 24 மூடிச் சோதனை. குச்சியில் கற்றதை மூடியில் காட்ட வேண்டும். 2-ஐத் தொட்டதும் இருபது மூடியை ஒதுக்குகிறதா? குச்சியில் மட்டும் தெரிந்து மூடியில் தெரியாவிட்டால் அது கற்றது குச்சியைப் பற்றி.

ஒரு நேர்மையான சந்தேகம் பாக்கி இருக்கும். ஆறு நாள் ஒரே பாடத்தில் உட்கார்ந்தால் எதை வைத்துச் சொல்லிக் கொடுத்தாலும் முன்னேற்றம் வரத்தானே செய்யும்? கருவி தனியாக ஏதாவது சேர்த்ததா என்று அறிய, இரண்டு பிரிவு இருக்கும் பள்ளியில் ஒரு பிரிவு அதே ஆறு நாளும் கோடு, புள்ளிப் படத்தோடு மட்டும் நடக்கட்டும். வெறும் கரும்பலகை விளக்கத்தோடு ஒப்பிடுவது போட்டியே அல்ல, படத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வாரச் சோதனையில் இரு பிரிவும் ஒன்றுபோல இருந்தால், உங்கள் வகுப்புக்குப் படமே போதும், குச்சி வெட்டும் வேலை மிச்சம். சோதனை முடிந்ததும் படப்பிரிவில் தடுமாறியவர்களுக்குக் குச்சியைக் கொடுத்துவிடுங்கள்.

9. முடிவைப் படிப்பது

முப்பது பேரில் கணக்கிடும்போது சதவீதம் போட வேண்டாம், இரண்டு குழந்தை லீவு போட்டாலே அது ஆடும். எந்தத் தவறு எத்தனை பேரிடம் இருந்தது, இப்போது எத்தனை பேரிடம் என்று தலையை எண்ணுங்கள்.

ஒரு வகுப்பில் தொடக்கத்தில் 17 பேர் ‘பெரியதிலிருந்து சின்னது’ என்று கழித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் நாள் அது 5 ஆகி, இரண்டு வாரத்துக்குப் பிறகும் 6 என்ற அளவிலேயே நின்றால் கருவி வேலை செய்திருக்கிறது. அந்த ஆறு பேரின் முதல் தாளை எடுத்துப் பாருங்கள். 48 − 23-லேயே தடுமாறியவர்களாக அவர்கள் இருக்கக்கூடும்.

ஏழாம் நாள் 5, இரண்டு வாரத்துக்குப் பிறகு 13 என்றால் நடந்தது வேறு. கை நினைவு இருந்தது, அது எழுத்தில் ஏறவில்லை. ஐந்தாம் நாள் படத்தை அவசரமாகத் தாண்டியிருப்பீர்கள். முதலிலிருந்து கட்டத் தேவையில்லை, நான்காம், ஐந்தாம் நாள்களை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

ஏழாம் நாளே 15 பேர் அப்படியே இருந்தால், வகுப்பில் குச்சியால் எல்லாரும் சரியாகச் செய்ததை நீங்கள் பார்த்திருந்தாலும், குச்சியும் எண்ணும் ஒன்றோடொன்று பேசவில்லை. நான்காம் நாள் எப்படி நடந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் ‘முதலில் குச்சி, அப்புறம் நோட்டு’ என்று நடந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது நான்காவது வகை: எழுத்துக் கணக்கு எல்லாம் சரி, மூடிச் சோதனையில் இரண்டே மூடி. இவர்கள் அடித்து எழுதும் சடங்கை நன்றாகக் கற்றுவிட்டார்கள். 352 − 127-ல் சிலர் இங்கே மாட்டிக்கொள்வார்கள், சிலர் மாட்டாமலும் போவார்கள். அவர்களுக்கு வேண்டியது “இப்ப மொத்தம் எத்தனை?” என்ற கேள்வியும் இரண்டாம் நாள் வேலையும். கூடுதல் கணக்குகள் கொடுத்தால் சடங்கு இன்னும் உறுதிப்படும்.

குழந்தைகள் ஆர்வமாக இருந்தார்கள், சத்தமாக இருந்தது, பார்வையாளர் பாராட்டினார் என்பவை இந்தப் பட்டியலில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் புதுப்பொருளைக் கொண்டுபோனாலும் முதல் இரண்டு நாள் அது நடக்கும்.

10. வைத்துக்கொள்வதும் எடுத்துவிடுவதும்

ஒவ்வொரு செட்டையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு, பையின் மேல் 110 என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை பத்துப் பத்தாகக் கட்டி, பதினொரு கட்டு வருகிறதா என்று குழந்தைகளே சரிபார்க்கட்டும். எண்ணிக்கை குறைந்த செட் வகுப்புக்குப் போகக் கூடாது. பிளந்த குச்சியை உடனே எறிந்துவிடுங்கள்.

இரண்டு வாரச் சோதனையில் சரியாகச் செய்தவர்களிடமிருந்து குச்சியை எடுத்துவிடலாம். அவர்கள் எண்ணாலேயே வேகமாகப் போவார்கள், குச்சி அவர்களுக்கு இப்போது தடை. பை மறுபடி வெளியே வர வேண்டிய இடம் 300 − 145 போன்ற கணக்கு. மூன்று செட்டைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டைக் கயிற்றால் இணைத்து நூறுகட்டு ஆக்குங்கள். விரிப்பின் இடப்பக்கம் ‘நூறுகள்’ என்று ஒரு துண்டு அட்டையை ஒட்டுங்கள். ஒன்றுகள் பக்கமும் காலி, பத்துகள் பக்கமும் காலி. ஒரு நூறுகட்டு கோட்டைத் தாண்டி அவிழ்ந்து பத்துக் கட்டாகி, அதில் ஒரு கட்டு அடுத்த கோட்டைத் தாண்டி அவிழ்ந்து பத்துக் குச்சியாகி, இரண்டு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று என்று விரிப்பில் கிடக்கும்போது அதே கேள்வியைக் கேளுங்கள்: இப்ப மொத்தம் எத்தனை?